d-க்குக் கீழே காலியாக இருந்த கட்டம்

கம்பைலர் பாடத்தின் இரண்டாவது இன்டர்னல் விடைத்தாள்களை மேடம் கொடுத்த அன்று, வகுப்பில் எல்லோருக்கும் தாள் வந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் வரவில்லை. மேடத்தின் கையில் கட்டு தீர்ந்தபோது நான் எழுந்து, "மேடம், எனக்கு வரலை" என்றேன். எனக்கு முன்னால் இருந்து என் பஸ் கூட்டாளியும் எழுந்தான். மேடம் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க ரெண்டு பேரு தாளும் எச்.ஓ.டி. ரூம்ல இருக்கு. மதியம் போய்ப் பாருங்க."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை. அவன் கேட்காததை நான் கவனித்தேன் என்பது இப்போதும் நினைவிருக்கிறது. சந்தேகம் அந்த நிமிடத்திலேயே தொடங்கிவிட்டதோ என்னவோ.

அவன் கல்லிடைக்குறிச்சிக்காரன். வீட்டில் அப்பளத் தொழில். நான் பத்தமடை. அவன் ஏறுகிற பஸ்தான் அரை மணி நேரம் கழித்து எங்கள் ஊருக்கு வரும். பக்கத்து இடத்தில் பையை வைத்துக் காத்திருப்பான். நான் ஏறியதும் பையை மடிக்கு எடுத்துக்கொள்வான். முதலாம் ஆண்டிலிருந்து அப்படித்தான். அவனுக்கு நெட்வொர்க் பாடம் நன்றாக வரும், எனக்குக் கணக்கு. பஸ்ஸிலேயே பாதிப் பாடத்தை ஒருவருக்கொருவர் சொல்லி முடித்துவிடுவோம். ஆனால் அந்த இன்டர்னலுக்கு அப்படிப் படிக்கவில்லை. அந்த வாரம் அவன் வீட்டில் ஏதோ விசேஷம் என்று அவன் வரவே இல்லை. தேர்வன்று நேராக ஹாலுக்குத்தான் வந்தான்.

மதியம் எச்.ஓ.டி. அறைக்கு வெளியே நின்றோம். முதலில் அவனைக் கூப்பிட்டார்கள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே பேச்சு கேட்டது, வார்த்தை புரியவில்லை. நடுவே வெள்ளைப் பலகையில் மார்க்கர் கீச்சிடுகிற சத்தம். ரொம்ப நேரம் கழித்து அவன் வெளியே வந்தான். என்னைப் பார்க்காமல் மாடிப்படியில் இறங்கிப் போய்விட்டான்.

உள்ளே எச்.ஓ.டி.யும் மேடமும் இருந்தார்கள். மேசையில் இரண்டு விடைத்தாள்கள் அருகருகே. இரண்டிலும் ஒரே இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. அந்த வட்டத்துக்குள் ஒன்றும் இல்லை. காலிக் கட்டம்.

"இது என்ன தெரியுதா?" என்றார் எச்.ஓ.டி.

எனக்கு உடனே தெரியவில்லை.

கேள்வி சின்னதுதான். ஓர் இலக்கணம் கொடுத்திருந்தார்கள். S என்பது A, B, d மூன்றும் வரிசையாக வருவது. A என்பது ஓர் a-வும் அதன் பின்னால் இன்னொரு A-வும், அல்லது ஒன்றுமே இல்லை. B-யும் அதே மாதிரி: ஒரு b-யும் இன்னொரு B-யும், அல்லது ஒன்றுமே இல்லை. ஆக, சில a, பிறகு சில b, கடைசியில் கட்டாயம் ஒரு d. a-வும் b-யும் வராமலே போகலாம். வெறும் d வந்தாலும் அது சரியான வாக்கியம்தான். அந்த "ஒன்றுமே இல்லை" என்பதற்குப் பாடத்தில் எப்சிலான் என்று பெயர்.

இதற்கு ஃபர்ஸ்ட், ஃபாலோ என்ற இரண்டு கணங்களையும் கண்டுபிடித்து, அதை வைத்துப் பார்சருக்கு, அதாவது ஒரு வாக்கியம் இலக்கணத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதிக்கிற நிரலுக்கு, அட்டவணை போட வேண்டும். இந்த வகைப் பார்சர் மேலே S-இல் தொடங்கிக் கீழே இறங்கும். வரப்போகிற எழுத்தில் அடுத்த ஒன்றை மட்டும் எட்டிப் பார்த்து, எந்த விதியைப் போடுவது என்று முடிவு செய்யும். போட்ட விதியைத் திரும்ப எடுக்காது. அந்த முடிவை அதற்குச் சொல்வதுதான் அட்டவணை: வரிசைக்கு ஒரு பெரிய எழுத்து, தலைப்பில் வரப்போகிற எழுத்துகள், இரண்டும் சேரும் கட்டத்தில் போட வேண்டிய விதி. ஒன்று எந்த எழுத்தில் தொடங்க முடியும் என்பது ஃபர்ஸ்ட். ஒன்றுக்கு அடுத்து எந்த எழுத்து வந்து நிற்க முடியும் என்பது ஃபாலோ. A இல்லாமலே போகக்கூடியது என்பதால்தான் ஃபாலோ வேண்டியிருக்கிறது. வருகிற எழுத்தில் A தொடங்காது, ஆனால் A-வுக்கு அடுத்து அந்த எழுத்து நிற்கலாம் என்றால், A-வை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டு மேலே போகலாம். கட்டம் காலியாக இருந்தால் பார்சர் பிழை என்று சொல்லி நின்றுவிடும்.

வட்டம் போட்டிருந்தது A வரிசையில், d-க்குக் கீழே உள்ள கட்டம். என் தாளில் காலி. அவன் தாளிலும் காலி.

"மத்த கட்டமெல்லாம் சரி. இது மட்டும் ரெண்டு பேருக்கும் விட்டுப் போயிருக்கு. கீழ பாரு." எச்.ஓ.டி. தாளைத் திருப்பினார். அடுத்த பகுதியில், ad என்ற வாக்கியத்தைப் பார்சர் ஏற்குமா என்று படிப்படியாகக் காட்டச் சொல்லியிருந்தார்கள். S-க்கு a வருகிறது, A B d போட்டோம். A-வுக்கு a வருகிறது, a A போட்டோம். a பொருந்தியது. இப்போது A நிற்கிறது, d வருகிறது, கட்டம் காலி. பிழை, ஏற்காது. நானும் அப்படியே எழுதியிருந்தேன், அவனும் அப்படியே. கடைசி வரி வரைக்கும் ஒன்று.

"ஒரு a, ஒரு d. இலக்கணத்தைப் பாத்தாலே தெரியும், இது சரியான வாக்கியம்னு. அதை ரெண்டு பேரும் ஏற்காதுன்னு எழுதியிருக்கீங்க." எச்.ஓ.டி. நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சரியான விடை எல்லாருக்கும் ஒண்ணா வரும். தப்பு எப்படிலே ஒண்ணா வரும்?"

நான் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"போர்டுல போட்டுக் காட்டு," என்றார் மேடம். மார்க்கரை என் பக்கம் நகர்த்தினார்.

மார்க்கரை எடுத்தேன். பலகையில் முன்பு எழுதி அழித்ததன் நிழல் இன்னும் இருந்தது, அவனுடைய கையெழுத்து. அதைப் பார்க்கக் கூடாது என்று ஒதுங்கி, காலியாக இருந்த மூலையில் எழுதினேன். முதலில் S-இன் ஃபர்ஸ்ட். A-வில் தொடங்கினால் a. A இல்லாமல் போனால் B-யில் தொடங்கும், அப்போது b. B-யும் இல்லாமல் போனால் d. மூன்றும் சரி. பிறகு A-வின் ஃபாலோ. A-வுக்கு அடுத்து B நிற்கிறது. B தொடங்குவது b-யில். b என்று எழுதினேன். அடைப்புக்குறியை மூடப் போன கை அங்கேயே நின்றது. மேலே, ஒரு சாண் தூரத்தில், நானே எழுதியிருந்தேன்: B-யும் இல்லாமல் போனால் d. அங்கே போகலாம் என்றால் இங்கேயும் போகலாம்தானே? B இல்லாமல் போய்விட்டால் A-வுக்குப் பக்கத்தில் நேராக d வந்து நிற்குமே.

d-யையும் சேர்த்து எழுதினேன். A வரிசையில் b-க்குக் கீழேயும் d-க்குக் கீழேயும் எப்சிலான் போட்டேன். ad இப்போது ஓடியது: a பொருந்தியதும் A மறைகிறது, B மறைகிறது, d பொருந்துகிறது, முடிந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. திரும்பிப் பார்த்தேன்.

எச்.ஓ.டி. முகத்தில் நிம்மதி இல்லை. "இப்ப சரியா வருதுல்லா?"

"வருது சார்."

"பரீட்சையில ஏன் வரலை?"

"அவசரத்துல B-யோட நிறுத்திட்டேன் சார்."

"உன் கூட்டாளி இப்பதான் இதே போர்டுல போட்டான். அதே தப்பத் திரும்பவும் செஞ்சான். அது அவனோட தப்பு, அவன் கையில இருக்கு. நீ தெரிஞ்சவன். தெரிஞ்சவன் தாள்ல இது எப்படி வந்துச்சு?"

சரியாகப் போட்டதுதான் என்னை மாட்டிவிட்டது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தப்பாகப் போட்டிருந்தால் நானும் அவனைப் போலத் தெரியாதவன். தெரியாதவனுக்கு ஒரு மரியாதை இருந்தது அந்த அறையில்.

"ஹால்ல அவன் எங்க உக்காந்திருந்தான்?"

"எனக்கு முன் பெஞ்ச் சார். இடது பக்கம்."

கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். ஆனால் சொன்ன பிறகு அது வேறு மாதிரி ஒலித்தது.

"அவனும் அதத்தான் சொல்லுதான்," என்றார் எச்.ஓ.டி. "நீ பின்னாடி இருந்து எட்டிப் பாத்திருப்பன்னு. நாளான்னைக்குள்ள ரெண்டு பேரும் உண்மையச் சொல்லுங்க. இல்லன்னா ரெண்டு பேருக்கும் ஜீரோ. வீட்டுக்கும் சொல்லுவோம்."

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அவனைக் காணவில்லை. முந்தைய பஸ்ஸில் போயிருந்தான். மறுநாள் காலை பத்தமடையில் நான் ஏறியபோது அவன் பக்கத்தில் கோணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வீரவநல்லூர்க்காரர் உட்கார்ந்திருந்தார். அவன் ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் டிரைவர் பக்கம் போய்க் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டேன்.

காலேஜ் வாசலில் இறங்கியதும் அவன் வழியை மறித்தேன்.

"நான் எட்டிப் பாத்தேன்னு நீ சொன்னியாலே?"

"நான் என்னத்தச் சொன்னேன்? நீதான சொல்லியிருக்க, நான் உன்னப் பாத்து எழுதியிருப்பேன்னு."

"யாரு சொன்னா?"

"எச்.ஓ.டி.தான் சொன்னாரு. நேத்து ரூம்ல வச்சு."

"நீ உள்ள இருக்கும்போது நான் வெளிய நிக்கேன். நான் எப்பப் போய்ச் சொல்ல?"

"அப்ப அவரு சும்மா போட்டு வாங்கியிருக்காரு."

"உன்கிட்டயா, என்கிட்டயா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் ஒண்ணும் சொல்லல. நம்புனா நம்பு." அவன் என்னைத் தாண்டிப் போய்விட்டான்.

எச்.ஓ.டி. இரண்டு பேரிடமும் பொய் சொல்லியிருக்கலாம். அல்லது அவர் அவனிடம் எதுவும் சொல்லாமலிருக்க, அவனே இப்போது என்னிடம் கதை கட்டியிருக்கலாம். இரண்டுக்கும் சமமாக இடம் இருந்தது. இன்னொன்றும் இருந்தது. என் மூளையின் ஓரத்தில் அது உட்கார்ந்தே இருந்தது: நான் அவன் தாளைப் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். பிறகு இரண்டு தாளும் ஒன்றாக இருக்கிறதென்றால், அவன் திரும்பி என் தாளைப் பார்த்திருக்க வேண்டும். முன் பெஞ்சிலிருந்து திரும்புவது கஷ்டம், ஆனால் முடியாதது இல்லை. படிக்காமல் வந்தவன் வேறு.

வீட்டில் உம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உம்மா கோரைப்பாயை உதறிக்கொண்டே கேட்டாள். "நீ பாக்கலையா?"

"இல்ல உம்மா."

"கொஞ்சங்கூடவா?"

சவூதியிலிருந்து வாப்பா போன் பண்ணினார். உம்மா என்ன சொன்னாளோ, என்னிடம் ஒரே வார்த்தைதான்: "பாத்திருந்தா சொல்லிரு. அல்லாவுக்குத் தெரியாதது இல்ல." நான் பார்க்கவில்லை என்பதை நம்புகிற ஓர் ஆள்கூட உலகத்தில் இல்லை என்று தோன்றியது.

மறுநாள் முதல் பீரியட் போகாமல் லைப்ரரியில் உட்கார்ந்தேன். எச்.ஓ.டி. கேட்ட கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. தப்பு எப்படி ஒன்றாக வரும்? ஒரு வெள்ளைத் தாளில் அதே இலக்கணத்தை எழுதி, வேண்டுமென்றே தப்பாகப் போட்டுப் பார்த்தேன். S-இன் ஃபர்ஸ்டில் d-யை மறந்தால் என்ன ஆகும்? S வரிசையில் d-க்குக் கீழே காலி. B-யின் ஃபாலோவை மறந்தால்? B வரிசையில் d-க்குக் கீழே காலி. A-வின் ஃபாலோவில் B-யோடு நின்றுவிட்டால்? A வரிசையில் d-க்குக் கீழே காலி, வேறெங்கும் ஒன்றும் கெடாது. ஒவ்வொரு தப்புக்கும் ஒரு கட்டம். அட்டவணை போடுகிறவனுக்குச் சொந்தமாகச் செய்ய அதில் ஒன்றும் இல்லையே. ஃபாலோ எப்படியோ கட்டம் அப்படி. கட்டம் எப்படியோ பார்சரின் நடை அப்படி. ஆக, அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்து, இரண்டு பேரும் ஒரே இடத்தில் தடுக்கினார்கள் என்று சொல்லலாம். ஒருவன் கையைப் பிடித்து இன்னொருவன் நடந்தான் என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

லேபில் மேடம் தனியாக இருந்தபோது அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். நின்றபடியே முழுதும் பார்த்தார்.

"இது உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"நானேதான் மேடம்."

"சரி, ஒரே இடத்துல தடுக்கலாம். ஆனா காப்பி அடிச்சாலும் இப்படித்தான இருக்கும்? காப்பி அடிக்கலைன்னு இது எங்க காட்டுது?"

"காட்டல மேடம். அடிச்சோம்னும் காட்டல." என்றேன். "பி செக்‌ஷனுக்கும் அதே கேள்விதான, அதே நேரம். அவங்க வேற பிளாக்ல எழுதுனாங்க. அந்தத் தாளெல்லாம் பாருங்க மேடம். யாராவது இதே மாதிரி விட்டிருப்பாங்க."

மேடம் கண்ணைச் சுருக்கினார். "எப்படித் தெரியும் உனக்கு? பி செக்‌ஷன்ல உனக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்ல மேடம். தெரியாது. இருப்பாங்கன்னு நினைக்கேன்."

"போ," என்றார். ஆனால் என் தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

பி செக்‌ஷன் தாள்களைத் திருத்தியது வேறொரு ஆசிரியர். மேடம் அந்தக் கட்டை வாங்கி ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து புரட்டியதைப் பிறகு அவரே சொன்னார். A வரிசையில் d-க்குக் கீழே காலி, ஒரு தாளில். இன்னொன்றில். இன்னும் சிலவற்றில். ad-யை ஏற்காது என்று எழுதியவர்களும் அவர்களேதான், அதே வரிகளில்.

தப்பித்தோம் என்று நினைத்தேன். எச்.ஓ.டி. அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். இரண்டு பிளாக்கில் ஒரே தப்பு என்றால் விடை வெளியே போயிருக்கிறது, ஒருவன் தப்பாகப் போட்டு அனுப்பியிருக்கிறான், மற்றவர்கள் வாங்கி எழுதியிருக்கிறார்கள். வாட்ஸ்ஆப் குரூப் யார் நடத்துகிறார்கள் என்று விசாரணை தொடங்கியது. ஹாலில் போனைப் பெட்டியில் போடாதது யார் என்று கேட்டார்கள். பி செக்‌ஷன் பையன்கள் சிலர் கேன்டீனில் என்னைச் சுற்றி நின்றார்கள்.

"நீதான் எங்க தாளத் தோண்டச் சொன்னியாம்ல?"

நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். யாரிடம் பேசினாலும், இவன் எதற்குப் பேசுகிறான் என்று அவர்களும் யோசித்தார்கள், நானும் யோசித்தேன். அவன் மட்டும் யாரோடும் பேசவில்லை. கடைசி பெஞ்சுக்கு மாறியிருந்தான்.

சனிக்கிழமை முன்னறிவிப்பில்லாமல் இரண்டு செக்‌ஷனையும் ஒரே ஹாலில் உட்கார வைத்தார்கள். பெஞ்சுக்கு ஒருவர். போன் எல்லாம் வாசலிலேயே வாங்கியாயிற்று. மேடம் பலகையில் ஒரு புது இலக்கணத்தை எழுதினார். S என்பது P, Q, R, t நான்கும் வரிசையாக. P என்பது ஒரு p அல்லது ஒன்றுமே இல்லை. Q என்பது ஒரு q அல்லது ஒன்றுமே இல்லை. R என்பது ஒரு r அல்லது ஒன்றுமே இல்லை. அட்டவணை போடச் சொன்னார். எச்.ஓ.டி. வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தார்.

P-யின் ஃபாலோ: Q-வில் தொடங்கும் q, Q போனால் r, R-உம் போனால் t. Q-வின் ஃபாலோ: r, R போனால் t. R-க்கு t மட்டும். இரண்டு முறை சரிபார்த்துவிட்டு எழுதினேன். பக்கத்தில் திரும்பக்கூட இல்லை.

தாள்களை வாங்கிக்கொண்டு மேடமும் எச்.ஓ.டி.யும் அங்கேயே மேடையில் உட்கார்ந்து பார்த்தார்கள். எங்களை யாரையும் வெளியே விடவில்லை. பிறகு மேடம் எங்கள் இருவரையும் மேடைக்குக் கூப்பிட்டார். ஹால் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது.

மேசையில் மேடத்தின் கையெழுத்தில் ஓர் அட்டவணை இருந்தது. சரியான விடை. அதில் மூன்று கட்டங்களில் மட்டும் வட்டம்: P வரிசையில் r-க்கும் t-க்கும் கீழே, Q வரிசையில் t-க்குக் கீழே.

"பரீட்சைக்கு முன்னாடியே இத நான் சார்கிட்ட குடுத்துட்டேன்," என்றார் மேடம், எங்களைப் பார்த்து அல்ல, எச்.ஓ.டி.யைப் பார்த்து. "பக்கத்துல நிக்கதோட நிறுத்துதவங்களுக்கு, அது இல்லாம போகலாங்கத மறக்கவங்களுக்கு, இந்த மூணும் காலியா வரும்னு சொன்னேன்ல சார். பாருங்க."

அவன் தாளைப் பிரித்து வைத்தார். அந்த மூன்று கட்டமும் காலி, மற்றதெல்லாம் சரி. கீழே பி செக்‌ஷன் தாள்கள் சிலவற்றைப் பரப்பினார். அதே மூன்று. முன்பு A வரிசையில் விட்டவர்களில் அநேகமாக எல்லோரும் மறுபடி அங்கேயே தடுக்கியிருந்தார்கள்.

எச்.ஓ.டி. ஒவ்வொரு தாளாக எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு என் தாளை எடுத்தார். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. அதை மற்றவற்றைவிடக் கூடுதல் நேரம் பார்த்தார்.

"இவனுக்கு மட்டும் ஏன் சரியா வருது?"

"உங்க ரூம்லதான் சார் அவன் கத்துக்கிட்டான்," என்றார் மேடம். "நான் பாத்துக்கிட்டுதான இருந்தேன். b எழுதிட்டு கை நின்னுச்சு."

அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் இன்றைக்கும் மேடத்தை மறக்கவில்லை. அறையில் அவர் என்னைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். சந்தேகத்தோடுதான் பார்த்திருக்கிறார், ஆனால் கையைப் பார்த்திருக்கிறார்.

ஜீரோ இல்லை என்று ஆயிற்று. விட்ட கட்டத்துக்கும் தப்பாக நடத்திய பகுதிக்கும் மட்டும் மார்க்கைக் குறைத்தார்கள். வாட்ஸ்ஆப் விசாரணை யாரும் சொல்லாமல் நின்றது. எச்.ஓ.டி. எங்களிடம் வருத்தம் எதுவும் தெரிவிக்கவில்லை. போகும்போது, "இனிமே எந்தப் பரீட்சைக்கும் இவங்க ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல போடாதீங்க" என்று மேடத்திடம் சொல்லிவிட்டுப் போனார். கடைசி செமஸ்டர் வரை அப்படித்தான் நடந்தது.

செமஸ்டர் தேர்வுக்கான விடுமுறையில் ஒரு காலையில் அவன் போன் பண்ணினான். பல வாரங்களாக நாங்கள் சரியாகப் பேசியிருக்கவில்லை.

"ஏலே, அந்த ஃபாலோ எனக்கு இன்னும் வரமாட்டேங்கு. செமஸ்டர்ல அது கட்டாயம் வரும்னு சொல்லுதாங்க. இங்கன வாரியா?"

போனேன். வீட்டுக்குள் அப்பள மாவு இடிக்கிற சத்தம் என்பதால் ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போனான். குளிக்கிறவர்கள் கூட்டம் கலைந்திருந்தது. படித்துறையில் உட்கார்ந்தோம். மணிமுத்தாற்றில் மழை பெய்திருக்க வேண்டும், தண்ணீர் கலங்கலாக ஓடியது. அவன் நோட்டைத் திறந்தான். நான் கையை ஆற்றில் நனைத்துக் காய்ந்த கல்படியில் எழுதினேன். A, B, d.

"A-வுக்கு அடுத்து யாரு?"

"B."

"B எதுல தொடங்கும்?"

"b-யில. அத எழுதியாச்சு."

"எழுதிட்டு மூடிராத. பைய, B-யக் கேளு: நீ இல்லாம போவியான்னு."

"போவும்."

B-யின் மேல் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தேன். கல்லில் எழுத்து கலைந்தது. A-வும் d-யும் மட்டும் நின்றன, நடுவே ஈரம். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நோட்டில் எதுவும் பார்க்காமல் P, Q, R, t கணக்கைத் தானாகப் போட்டான். P-க்கு q, r, t. Q-வுக்கு r, t. R-க்கு t. அட்டவணையில் ஒரு கட்டமும் விடவில்லை. prt என்ற வாக்கியத்தைப் பார்சரில் விட்டு, p பொருந்த, Q மறைய, r பொருந்த, t பொருந்த, முடிவு வரைக்கும் வாய்விட்டுச் சொல்லிக் கொண்டுபோனான்.

"இவ்வளவுதானா?" என்றான். "இதுக்கா எல்லாரும் அந்தக் கூத்து அடிச்சாங்க?"

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். கல்லில் எழுதியது காய்ந்துகொண்டிருந்தது.

"ஒண்ணு கேக்கட்டா? கோவப்படக் கூடாது," என்றான்.

"கேளு."

"அன்னைக்கு ஹால்ல நெசமாவே என் தாளப் பாக்கலையாலே?"

மேடம் எல்லாவற்றையும் எல்லோர் முன்னாலும் காட்டிய பிறகு. அவன் தாளும் என் தாளும் ஏன் ஒன்றாக இருந்தன என்று இப்போது அவனே தன் கையால் போட்டுப் பார்த்த பிறகு.

"பாக்கல," என்றேன். "நீ எச்.ஓ.டி.கிட்ட நெசமாவே ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லல."

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். பிறகு அவன் நோட்டை மூடிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு எழுந்தான். "வா, வீட்ல சாப்டுட்டுப் போ" என்றான். நான் எழுந்து அவன் பின்னால் போனேன்.